நான்கு நிமிடத்துக்கு எத்தனை சொல்? ஒரு வானொலி ஸ்கிரிப்ட் உருவான விதம்

எங்கள் சமுதாய வானொலியில் சனிக்கிழமை காலை அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதில் உடல்நலத்துக்கு நான்கு நிமிடம். ஒரு கல்லூரி வளாகத்திலிருந்து ஒலிபரப்புகிறோம். கேட்பவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் சமையலறையில் இருப்பார்கள், மீதிப் பேர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் டெங்கு பற்றி ஒரு பகுதி வேண்டும் என்று முடிவானது. எழுதும் பொறுப்பு, பயிற்சிக்கு வந்திருந்த ஊடகவியல் மாணவிக்குப் போனது. நிகழ்ச்சித் தயாரிப்பாளராக அவருடைய முதல் வரைவிலிருந்து ஒலிபரப்பு வரை உடன் இருந்தேன். அந்த நான்கு நிமிடத்தின் கணக்கும் வாக்கியங்களும் எப்படி மாறின என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே வேலையைக் கையில் எடுக்கும் பயிற்சி மாணவர்களுக்கு இது தேவைப்படும்.

முதல் வரைவு 612 சொற்கள். நன்றாக உழைத்து எழுதியிருந்தார். டெங்கு வைரஸின் வகைகள், கொசுவின் அறிவியல் பெயர், அறிகுறிகள், என்ன மாத்திரை சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது, தட்டணுக்கள் ஏன் குறைகின்றன, வீட்டைச் சுற்றி எதைச் சுத்தம் செய்ய வேண்டும், எல்லாம் இருந்தது. ஏன் 612 என்று கேட்டேன். “நிமிஷத்துக்கு நூற்றைம்பது சொல்னு படிச்சேன் அக்கா. நாலு நிமிஷத்துக்கு அறுநூறு வருதே” என்றார்.

அந்த 150 ஆங்கிலத்துக்கான கணக்கு. ஆங்கில வானொலியில் நிமிடத்துக்கு 150 முதல் 180 சொல் வரை வாசிப்பார்கள். தமிழுக்கு அது பொருந்தாது. வேற்றுமை உருபு, காலம், இடம், ‘உம்’, ‘தான்’ எல்லாம் நம் மொழியில் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. ‘வீட்டிலிருந்துதான்’ என்பது நமக்கு ஒரே சொல், ஆனால் வாய்க்கு ஆறேழு அசை வேலை. அதனால் ஒரு நிமிடத்தில் அடங்கும் சொற்களின் எண்ணிக்கை தமிழில் வெகுவாகக் குறையும். எவ்வளவு குறையும் என்பது வாசிப்பவரைப் பொறுத்தது. பொது எண் ஒன்றை நம்பாமல் அவரவர் வேகத்தை அளந்துவிடுவதுதான் சரி.

அளக்கும் முறை எளிது. எழுதிய பக்கத்தை மைக் முன்னால் உட்கார்ந்து, ஒலிபரப்பில் வாசிக்கும் அதே குரலில், சரியாக ஒரு நிமிடம் வாசிக்க வேண்டும். நிறுத்திய இடம் வரை சொற்களை எண்ண வேண்டும். பக்கத்தின் வேறு வேறு இடங்களிலிருந்து இதைச் சில தடவை செய்து சராசரி எடுத்தால் போதும். மனதுக்குள் வாசித்து நேரம் பார்ப்பது உதவாது. மனது மூச்சு வாங்குவதில்லை, சொற்களைத் தாவித் தாவிப் போய்விடும். இவருடைய சராசரி நிமிடத்துக்கு 95 சொல் என்று வந்தது. அந்த வேகத்தில் 612 சொற்களை வாசித்து முடிக்க ஏறக்குறைய ஆறரை நிமிடம் ஆகும். இசையும் பேட்டித் துண்டும் அதற்கு மேல்.

அவர் விட்டுவிட்ட இன்னொன்றும் இருந்தது. நான்கு நிமிடப் பகுதி என்றால் நான்கு நிமிடமும் பேச்சு அல்ல. 240 விநாடியை முதலில் ஒரு தாளில் பிரித்தோம். தொடக்க இசைக்கு 8 விநாடி. முதல் பேச்சுக்கு 20. கொசு எங்கே, எப்படி முட்டையிடுகிறது என்பதற்கு 53. கொசு ஒழிப்புப் பணியாளரின் பேட்டித் துண்டுக்கு 38. எந்தெந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு 60. எப்படிச் சுத்தம் செய்வது என்பதற்கு 37. முடிக்கும் பேச்சுக்கு 15, அதன்பின் இசை தனியாக ஒலிக்க 7. கூட்டினால் 238, நிறுத்தங்கள் நீண்டால் இருக்கட்டும் என்று 2 விநாடி மிச்சம். இதில் இவர் குரல் வருவது 185 விநாடிதான். 95 சொல் வேகத்தில் அது 293 சொல். ஆக, எழுதியதில் பாதிக்கு மேல் வெளியே போயாக வேண்டும்.

இந்த இடத்தில் பயிற்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். ஒன்று, வேகமாக வாசித்துப் பார்ப்பார்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு பெயரடை, ஒரு வினையடை என்று கிள்ளிக்கொண்டே வருவார்கள். வேகமாக வாசித்தால் கேட்பவர் பாதியில் விட்டுவிடுவார். கிள்ளினால் எல்லாச் செய்தியும் மிஞ்சும், ஆனால் ஒவ்வொன்றும் கால் வாக்கியமாக மிஞ்சும், எதுவும் மனதில் நிற்காது. குறைக்க வேண்டியது கருத்துகளின் எண்ணிக்கையை. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ரேடியோவை அணைத்த பிறகு கேட்டவர் செய்ய வேண்டிய ஒரு காரியம் என்ன? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வாரம் ஒருதடவை தண்ணித் தொட்டியோட உள்பக்கத்தைத் தேய்ச்சுக் கழுவணும்” என்றார்.

நல்ல தேர்வு. தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள் என்று ஆண்டுதோறும் எல்லோரும் சொல்கிறோம். தேய்க்கச் சொல்வதன் காரணம் பலருக்குத் தெரிவதில்லை. ஏடிஸ் கொசு முட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அவை சாவதில்லை, மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிந்துவிடும். முட்டையிலிருந்து பறக்கும் கொசு வரை ஏழு முதல் பத்து நாள். அதனால்தான் ‘கொட்டினால் மட்டும் போதாது’, அதனால்தான் ‘வாரம் ஒருமுறை’. காரணமும் செயலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் இப்படிப்பட்ட செய்திதான் காதுக்கு ஏற்றது. வைரஸின் வகைகளும் தட்டணுக்களும் வெளியே போயின.

காது தாங்கும் வாக்கியம்

முதல் வரைவின் முதல் வாக்கியம் இது:

“உலகெங்கும் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான மக்களைப் பாதிக்கும், ஏடிஸ் எஜிப்டி எனும் வகைக் கொசுக்களால் பரவக்கூடிய டெங்கு காய்ச்சலைத் தடுப்பதற்கு, வீடுகளிலும் வீட்டைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் தேங்கியுள்ள நன்னீரை அகற்றுவது மிகவும் இன்றியமையாததாகும்.”

23 சொல், வாசிக்க 15 விநாடி. கட்டுரையில் இதைக் குறை சொல்ல முடியாது. கண் நினைத்தால் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி இல்லை. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். ‘பாதிக்கும்’, ‘பரவக்கூடிய’, ‘தேங்கியுள்ள’ என்று பெயரெச்சங்கள் முன்னால் அடுக்கிக்கொண்டே போனால், அவை எதைப் பற்றியவை என்று தெரியும் வரை கேட்பவர் எல்லாவற்றையும் மனதில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ‘கோடிக்கணக்கான மக்களைப் பாதிக்கும்’ என்பது எது என்பது, ஆறு சொல் தாண்டி ‘டெங்கு காய்ச்சலை’ என்று வரும்போதுதான் தெரிகிறது. அதற்குள் குக்கர் ஒரு விசில் அடித்துவிட்டால் மொத்த வாக்கியமும் வீண்.

அவருக்கு ஒரு வழி சொன்னேன். ஒரு பெயருக்கு முன்னால் ஒரு பெயரெச்சம் வரலாம். இரண்டாவது வந்தால் அதை எடுத்துத் தனி வாக்கியமாக்கிவிட வேண்டும். ‘ஈரமா இருக்கிற சுவர்’ சரி. ‘தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள ஈரமாக இருக்கும் சுவர்’ என்றால் உடைக்க வேண்டும். வாக்கியத்துக்கு இத்தனை சொல்தான் என்று எண் வைப்பதைவிட எனக்கு இதுதான் பயன்படுகிறது. சொல் குறைவாக இருந்தும் சிக்கலான வாக்கியங்கள் உண்டு. சற்று நீளமாக இருந்தாலும், செய்துவிட்டு, போய், எடுத்து என்று நடக்கும் வரிசையிலேயே நகரும் வாக்கியத்தைக் காது சிரமமில்லாமல் பின்தொடரும்.

திருத்தி எழுதிய தொடக்கம் இப்படி வந்தது:

“உங்க வீட்டுத் தண்ணித் தொட்டியை நேத்துதான் காலி பண்ணினீங்க. / புதுத் தண்ணி பிடிச்சு வெச்சீங்க. / சரி. / ஆனா தொட்டியோட உள் சுவரைத் தேய்ச்சீங்களா? // தேய்க்கலைன்னா, டெங்கு கொசுவோட முட்டை இன்னும் அங்கேயே ஒட்டிட்டு இருக்கலாம். / தண்ணி பட்டதும் அது பொரிஞ்சிடும்.”

29 சொல். ஒற்றைக் கோடு சிறு நிறுத்தம், இரட்டைக் கோடு ஒரு முழு மூச்சு. இதற்கு அடுத்து “அதைப் பத்திதான் அடுத்த நாலு நிமிஷம் பேசப்போறோம்” என்றும் ஒரு வரி எழுதியிருந்தார். அதை எடுக்கச் சொன்னேன். மூன்று விநாடிக்கு மேல் அது சாப்பிடுகிறது, புதிதாக எதையும் சொல்லவில்லை. பேசப்போகிறோம் என்று சொல்வதற்குப் பதில் பேசத் தொடங்கிவிடலாம்.

‘நேயர்களே’ என்று கூட்டத்தைக் கூப்பிடாமல் ‘உங்க வீட்டு’ என்று ஒருவரிடம் பேசுவதையும் கவனியுங்கள். வானொலியை ஒரு நேரத்தில் ஒரு வீட்டில்தான் கேட்கிறார்கள்.

அடுத்து வந்த விளக்கத்தில் ஒரு பகுதி:

“டெங்கு கொசு தண்ணிக்குள்ள முட்டை போடுறதில்லை. / தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, ஈரமா இருக்கிற சுவர்ல ஒட்டி வைக்கும். / கறுப்பா, பொடிப்பொடியா இருக்கும். / பார்த்தா அழுக்கு மாதிரிதான் தெரியும். // தண்ணி வத்திப்போனாலும் அந்த முட்டை சாகாது. / மாசக்கணக்கா காய்ஞ்சு கிடக்கும்.”

பேச்சுத் தமிழுக்கு மாறியதும் வேகக் கணக்கும் மாறிவிட்டது. ‘இருக்கின்றது’ என்பது ‘இருக்கு’ ஆகும்போது சொல் எண்ணிக்கை அதேதான், அசைகள் குறைகின்றன. மறுபடி அளந்தபோது நிமிடத்துக்கு 110 சொல் வந்தது. 185 விநாடிக்கு 339 சொல் என்று இடம் கூடியது. எழுத்துத் தமிழில் அளந்த வேகத்தை வைத்துக்கொண்டு பேச்சுத் தமிழில் எழுதினால் பகுதி சீக்கிரம் முடிந்து, நிகழ்ச்சியின் நடுவில் வெற்றிடம் விழும். நடையை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

எந்தப் பேச்சுத் தமிழ் என்பதில் ஒரு சின்ன விவாதம் நடந்தது. மாணவியின் ஊர்ப் பேச்சு வேறு, எங்கள் ஒலிபரப்பு எல்லையில் உள்ள பேச்சு வேறு. எந்த ஊருக்கும் அந்நியமாகத் தோன்றாத ஒரு பொதுப் பேச்சு நடையில் எழுதுவது, ஒரே சொல்லை ஒரே மாதிரி எழுதுவது என்று முடிவு செய்தோம். ஓரிடத்தில் ‘தண்ணி’, அடுத்த வரியில் ‘தண்ணீர்’ என்றிருந்தால் மைக் முன்னால் நாக்கு தடுக்கும். எண்களையும் எழுத்தால் எழுதச் சொன்னேன். ‘7-10 நாள்’ என்று தாளில் இருந்தால் நடுவில் உள்ள கோட்டை வாசிப்பவர் ஒரு கணம் பார்த்துக்கொண்டு நிற்பார். ‘ஒரு வாரம், பத்து நாள் ஆகும்’ என்றிருந்தால் வாய் தானாகப் போகும்.

கடைசியில் வரும் ‘கூடாது’

முதல் வரைவில் மருந்து பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. “காய்ச்சல் இருக்கும்போது மருத்துவரின் ஆலோசனையின்றி ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி நிவாரண மாத்திரைகளை எக்காரணம் கொண்டும் உட்கொள்ளக் கூடாது.” செய்தி சரியானது. டெங்குவில் ரத்தக்கசிவு அபாயம் இருப்பதால் இந்த இரண்டையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஆனால் இதைக் காதால் கேட்டுப் பாருங்கள். காய்ச்சல், மாத்திரைப் பெயர்கள், உட்கொள்ள என்று எல்லாம் வந்தபிறகு கடைசிச் சொல்லில்தான் மறுப்பு வருகிறது. அந்த ஒரு சொல் பேருந்து ஹாரனில் மறைந்தால், கேட்டவர் மனதில் மிஞ்சுவது காய்ச்சலுக்கு இரண்டு மாத்திரைப் பெயர்கள். சொன்னதற்கு நேர் எதிரானது.

தமிழில் வானொலிக்கு எழுதுபவர் எப்போதும் காவல் காக்க வேண்டிய இடம் இது. மறுப்பு வாக்கியம் குட்டையாக இருக்க வேண்டும். முடிந்தால் அதை ஒட்டியே, செய்ய வேண்டியது என்ன என்பதை உடன்பாட்டில் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் மருந்து பற்றிய பேச்சே போய்விட்டது. ஆனால் அதே சிக்கல் மையச் செய்தியிலும் இருந்தது. “வெறுமனே தண்ணியைக் கொட்டிட்டு வேற தண்ணி பிடிச்சு வெச்சாப் போதாது” என்று எழுதியிருந்தார். ‘போதாது’ விழுந்துவிட்டால் கொட்டிப் பிடித்தால் சரி என்றாகிவிடும். மாற்றி எழுதியது: “தண்ணியைக் கொட்டுங்க. / அப்புறம் தேய்ங்க. / தேய்ச்சாத்தான் முட்டை போகும்.” இதில் எந்தச் சொல் காதில் விழாமல் போனாலும் அர்த்தம் தலைகீழாகாது.

இந்தக் கட்டத்தில் ஸ்கிரிப்ட்டை ஒரு சுகாதார ஆய்வாளரிடம் காட்டினோம். அவர் இரண்டு ‘மட்டும்’களை அடித்தார். டெங்கு கொசு சுத்தமான தண்ணீரில் மட்டும்தான் வளரும் என்று எழுதியிருந்தது. பெரும்பாலும் சுத்தமான தண்ணீர்தான், அதற்காகக் கலங்கிய தண்ணீரில் வளரவே வளராது என்று சொல்ல முடியாது என்றார். பகலில் மட்டும் கடிக்கும் என்பதும் அப்படியே. காலையிலும் மாலை இருட்டும் நேரத்துக்கு முன்பும் அதிகம் கடிக்கும், வீட்டுக்குள் வெளிச்சம் இருந்தால் இரவிலும் கடிக்கலாம். வாக்கியத்தைச் சுருக்கும்போது ‘பெரும்பாலும்’ போய் ‘மட்டும்’ வந்து உட்கார்ந்துகொள்வது வழக்கமாக நடக்கிறது. சுருக்கி முடித்த பிறகு விஷயம் தெரிந்த ஒருவர் பார்ப்பது நல்லது. முதல் வரைவை மட்டும் காட்டிச் சரிபார்த்துக்கொண்டால் இந்த மாற்றம் அவர் கண்ணில் படாது.

38 விநாடிப் பேட்டி

வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கும் பணியாளர் ஒருவரிடம் மாணவி பேசிப் பதிவு செய்து வந்திருந்தார். ஏறக்குறைய ஐந்து நிமிடப் பதிவு. அதில் உயிருள்ள இடம் ஒன்று. வீட்டுக்காரர்கள் தொட்டியைத் திறந்து காட்டிவிட்டு, எங்க வீட்டுல ஒண்ணுமில்லை என்று வழியனுப்பப் பார்ப்பார்கள், தான் நேராக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்விடுவேன் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டில் சொட்டும் தண்ணீர் பலர் கண்ணில் படுவதில்லை. இதைத்தான் எடுக்க வேண்டும் என்பதில் சந்தேகமே வரவில்லை.

சிக்கல் அதற்கு முந்தைய வரியில் இருந்தது. “ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற தட்டை யாருமே பார்க்கிறதில்லைன்னு சொல்றாங்க, கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருத்தர்” என்று மாணவி எழுதியிருந்தார். உடனே பேட்டியில் அவரும் அதையே சொல்கிறார். கேட்பவருக்கு ஒரே செய்தி இரண்டு தடவை வருகிறது, இரண்டாவது தடவை அதன் சுவை போய்விடுகிறது. பத்திரிகைச் செய்தி எழுதிப் பழகியவர்களிடம் இது அடிக்கடி வரும். அங்கே சுருக்கத்தைச் சொல்லிவிட்டு மேற்கோள் தருவதுதான் முறை. வானொலியில் முன்வரி ஒரு கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மாற்றியது: “வீடு வீடாப் போய்க் கொசுப்புழு தேடுறது இவங்க வேலை. / ஒரு வீட்டுக்குள்ள போனதும் முதல்ல எங்க பார்ப்பீங்கன்னு கேட்டோம்.” உடனே அவர் குரல்: “நேரா ஃபிரிட்ஜுக்குப் பின்னாடிதான்.” யார் பேசுகிறார், எதற்குப் பதில் சொல்கிறார் என்ற இரண்டும் முன்வரியில் இருக்கின்றன. பதில் அவர் வாயிலிருந்து வருகிறது.

ஐந்து நிமிடத்தை 38 விநாடியாக்க மூன்று துண்டுகளை ஒட்ட வேண்டியிருந்தது. ஒட்டிய இடத்தில் ஒரு தொல்லை. பதிவு செய்தபோது பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடியிருக்கிறது. முதல் துண்டில் அந்த இரைச்சல் உண்டு, இரண்டாவதில் இல்லை. ஒட்டு போட்டது காதுக்குத் தெரிந்தது. நல்லவேளையாக மாணவி பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்துச் சத்தத்தையும் பதிவு செய்திருந்தார், அதிலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஆடாசிட்டியில் தனி டிராக்காக அடியில் மெல்ல ஓடவிட்டு, துண்டுகளின் இடையே இருந்த மூச்சையும் வெட்டாமல் விட்டபோது ஒட்டு மறைந்தது. வெளியில் பதிவு செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த அரை நிமிடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். துண்டுகளைச் சேர்க்கும்போது அவர் சொன்னதன் பொருள் மாறிவிடவில்லையே என்று முழுப் பதிவையும் ஒருமுறை மறுபடி கேட்டோம்.

ஸ்கிரிப்ட்டில் பேட்டித் துண்டுக்கு அதன் முதல் சொற்களையும் கடைசிச் சொற்களையும் நீளத்தையும் எழுத வேண்டும். முழுதாக எழுத வேண்டியதில்லை. கடைசிச் சொற்கள் தெரிந்தால்தான் வாசிப்பவர் எங்கே நுழைவது என்று தயாராக இருப்பார்.

தாள் இல்லாத சோதனை

ஸ்கிரிப்ட்டைப் பார்க்காத ஒருவர், வேறு வேலை செய்துகொண்டே கேட்க வேண்டும். கல்லூரி கேன்டீனில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் மாணவி வாசித்துக் காட்டினார். முடித்ததும், என்ன சொன்னேன் என்று கேட்டார். ‘புரிஞ்சுதா’ என்று கேட்கக் கூடாது, மரியாதைக்காக யாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

அந்த அக்கா சொன்னது: “தொட்டியைத் தேய்க்கணும்ங்கிற. முட்டை ஒட்டிட்டிருக்குமாம். சரி கண்ணு, மாடி டேங்க்குல வாரா வாரம் யாரு இறங்கித் தேய்க்கிறது?”

மையச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது. கூடவே ஸ்கிரிப்ட்டில் இருந்த ஓட்டையும் தெரிந்துவிட்டது. டிரம், சிமென்ட் தொட்டி, குடம், ஃபிரிட்ஜ் தட்டு இவற்றை வாரந்தோறும் தேய்க்கலாம். மாடித் தொட்டியில் அது நடக்காது. அதற்கு வழி, மூடி இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும், காற்றுக் குழாயின் வாய்க்கு வலை கட்ட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், நடக்காத காரியத்தைச் சொல்கிறார்கள் என்று கேட்பவர் மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார். இரண்டு வரி சேர்த்தோம்: “மாடி டேங்க்கை வாரா வாரம் தேய்க்க முடியாது. / அதுக்கு மூடி இறுக்கமா இருக்கணும், காத்துக் குழாய்க்கு வலை கட்டணும்.”

சேர்த்த பிறகு இசை, பேட்டி எல்லாம் வைத்து முழுதாக ஓட்டிப் பார்த்தால் 4 நிமிடம் 20 விநாடி. 20 விநாடி கூடுதல். எங்கே வெட்டுவது என்பதில்தான் இந்த வேலையின் கடினமான பேச்சு நடந்தது. இரண்டாவது வரைவிலும் மாணவி விடாமல் வைத்திருந்த ஒரு பத்தி இருந்தது. டெங்குவில் காய்ச்சல் விட்டதும் ஆபத்து நீங்கியதாக நினைக்கக் கூடாது, காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் நிலைமை மோசமாகலாம், கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் அல்லது மூக்கில் ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது. வாசிக்க 22 விநாடி. “இது உயிர் போற விஷயம் அக்கா, இதை எப்படி எடுக்கிறது?” என்றார். அவர் கேட்டது நியாயம்.

ஆனாலும் எடுக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். 22 விநாடியில் நான்கு அறிகுறிகளை வரிசையாகச் சொன்னால் காதில் நிற்பது கடைசியில் வந்த ஒன்று. தொட்டியைத் தேய்ப்பது பற்றிய பேச்சின் வாலில் ஒட்டிவைத்தால் அதன் கனமும் குறைந்துவிடும். அடுத்த சனிக்கிழமையின் நான்கு நிமிடத்தையும் அதற்கே கொடுத்து, ஒரு மருத்துவரைப் பேசவைப்பது என்று முடிவு செய்தோம். மாணவியே அதையும் எழுதுவதாக ஏற்றுக்கொண்டார். பத்தி வெளியே போனதும் 3 நிமிடம் 58 விநாடி.

பின்னாலிருந்து வரும் இசை

இரண்டு விநாடி மிச்சமிருப்பது நல்லதுதான். பதிவின்போது நிறுத்தங்கள் கொஞ்சம் நீளும். ஆனாலும் நான்காவது நிமிடத்தில் பகுதி அறுந்தாற்போல் நிற்காமல் முடிய வேண்டும். அதற்கு முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டோம். எங்கள் முடிவிசை 20 விநாடி, கடைசியில் தெளிவாக ஓய்கிற இசை. அது 4:00-ல் ஓய வேண்டுமென்றால் 3:40-ல் தொடங்கியாக வேண்டும். அப்போது மாணவி பேசிக்கொண்டிருப்பார். அதனால் இசை மிகத் தாழ்வாக, பேச்சுக்கு அடியில் தொடங்கும். அவர் 3:53 வாக்கில் முடித்ததும் ஏறி, தானாக ஓயும். பேச்சு இரண்டு விநாடி முன்னால் முடிந்தாலும் பின்னால் முடிந்தாலும் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இசை தனியாக ஒலிக்கும் நேரம் அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளும்.

தாளின் இடது ஓரத்தில் ஒவ்வொரு பத்திக்கும் எதிரே, அது தொடங்க வேண்டிய நேரத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டார். 0:08, 0:28, 1:21, 1:59, 2:59, 3:36 என்று. மேலே போட்ட பட்ஜெட்டின் கூட்டுத்தொகைதான் இவை, கடைசியில் மட்டும் பேச்சு ஓரிரு விநாடி முன்னால் வந்துவிடும். வாசிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துப் பதறாமல், பத்தி தொடங்கும்போது மட்டும் ஒரு பார்வை போதும். மூன்றாவது குறியில் ஆறு விநாடி பின்தங்கியிருந்தால் அடுத்த பத்தியில் எந்த வாக்கியத்தை விடலாம் என்பதையும் முன்கூட்டியே அடைப்புக்குறிக்குள் போட்டு வைத்திருந்தார். பெரிய எழுத்து, அகன்ற வரி இடைவெளி, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சு, பக்கம் முடியும் இடத்தில் வாக்கியமும் முடிய வேண்டும். தாள்களைப் பின் போடக் கூடாது, திருப்பும் சத்தம் மைக்கில் ஏறும். வாசித்ததை ஓசையில்லாமல் பக்கத்தில் நகர்த்திவிட வேண்டும்.

பதிவில் ஒரே ஓரிடம் தடுத்தது. ‘தேய்ச்சாத்தான்’ என்பதை இரண்டு தடவை தடுமாறினார். வாய் ஓரிடத்தில் இரண்டு முறை தடுக்கினால் பயிற்சி செய்துகொண்டிருக்காமல் சொல்லை மாற்றிவிடலாம். “தேய்ச்சா முட்டை போயிடும்” என்று அங்கேயே மாற்றினோம்.

கடைசி வரியாக அவர் எழுதியிருந்தது: “நாளைக்கு ஞாயித்துக்கிழமை. / ஒரு பத்து நிமிஷம் எடுத்து, தொட்டியைத் தேய்ச்சிடுங்க.” சனிக்கிழமை காலை ஒலிபரப்புக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு கிடைக்காது. என்ன செய்வது, எப்போது செய்வது என்று இரண்டையும் கையில் கொடுக்கிறது. ஆனால் எங்கள் பகுதிகளைப் பாட்காஸ்ட்டாகவும் ஏற்றுகிறோம். அதைப் புதன்கிழமை கேட்பவருக்கு நாளை ஞாயிறு அல்ல. அதனால் முடிக்கும் பேச்சை மட்டும் இன்னொரு விதமாகப் பதிவு செய்தோம்: “வாரத்துல ஒரு நாளை வெச்சுக்கோங்க. / அந்த நாள்ல தொட்டியைத் தேய்ச்சிடுங்க.” பாட்காஸ்ட் 4:00-ல் முடிய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே அதில் முட்டை பற்றிய பத்திக்கு முன்னால் ஒரு முழு மூச்சு கூடுதலாக விட்டு, தொடக்க இசையை 8 விநாடியிலிருந்து 4 ஆகக் குறைத்தோம். ஃபோனில் கேட்பவர் இசை முடியும் வரை காத்திருக்காமல் அடுத்ததற்குப் போய்விடுவார் என்பதால் “உங்க வீட்டுத் தண்ணித் தொட்டியை” என்ற முதல் வரி சீக்கிரம் வந்தாக வேண்டும்.